பத்தியும் தலைப்பும்: எட்டு நிமிடத்தில் பொருத்துவது எப்படி?

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் ரீடிங் பகுதியில் மூன்று நீண்ட கட்டுரைகள், 40 கேள்விகள், 60 நிமிடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் பிரிவில் மூன்று கட்டுரைகளும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை வரும். லிசனிங் பகுதியைத் தாளில் எழுதினால் விடைகளை எடுத்தெழுதப் பத்து நிமிடம் தனியாகக் கொடுப்பார்கள். ரீடிங்கில் அது கிடையாது. 40-க்குச் சுமார் 30 சரியாக இருந்தால் பேண்ட் 7. இங்கிலாந்தில் நர்ஸ் பணிக்குப் பதிவுசெய்ய ரீடிங்கில் கேட்பதும் இந்த 7-ஐத்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அரை பேண்டில் அதைத் தவறவிட்டு மறுபடி கட்டணம் கட்டுகிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கேள்வி வகையைத்தான் சொல்வார்கள்: ‘மேட்சிங் ஹெடிங்ஸ்’.

கேள்வி பார்க்க எளிமையானது. கட்டுரையில் ஏழு பத்திகள் இருந்தால் ஒன்பது அல்லது பத்துத் தலைப்புகள் கொடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பத்திக்கும் பொருந்தும் தலைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு மூன்று தலைப்புகள் எதற்கும் பொருந்தாமல் மிஞ்சும். அந்த மிச்சத் தலைப்புகள்தான் பொறி.

நேரம் எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம். நிமிடத்துக்கு 150 சொல் என்ற நிதானமான வேகத்தில் படித்தால்கூட 2,750 சொற்களையும் சுமார் பதினெட்டு நிமிடத்தில் படித்து முடித்துவிடலாம். அப்படியானால் ஒரு தடவை படிப்பதற்கு நேரம் போதாமல் போவதில்லை. திரும்பத் திரும்பப் படிப்பதில்தான் அது கரைகிறது. ஒரு பத்தியைப் படிப்பது, பத்துத் தலைப்புகளையும் பார்ப்பது, சந்தேகம் வந்து மறுபடி பத்திக்குப் போவது, மீண்டும் தலைப்புகளுக்கு வருவது. ஏழு பத்திக்குப் பத்துத் தலைப்பு என்றால் எழுபது ஒப்பீடுகள். கண் இப்படி ஊசலாடத் தொடங்கிவிட்டால் இருபது நிமிடமும் ஒரே கட்டுரையில் போய்விடும்.

பயிற்சி வகுப்புகளில் ஸ்கிம்மிங், ஸ்கேனிங் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள். ஸ்கிம்மிங் என்றால் பத்தி மொத்தமாக என்ன சொல்கிறது என்று பிடிக்கும் மேலோட்ட வாசிப்பு. ஸ்கேனிங் என்றால் ஓர் ஆண்டு, ஒரு பெயர், ஓர் எண் எங்கே இருக்கிறது என்று தேடுவது. தலைப்புப் பொருத்துவதற்கு வேண்டியது ஸ்கிம்மிங். ஆனால் பதற்றத்தில் பெரும்பாலோர் செய்வது ஸ்கேனிங். தலைப்பில் உள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று தேடுகிறார்கள். கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் சரியான தலைப்பில் பெரும்பாலும் பத்தியில் இல்லாத வேறு சொற்களைப் போட்டு, பத்தியில் அப்படியே இருக்கும் சொற்களைத் தவறான தலைப்பில் வைப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தேர்வில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே வசதிக்காகத் தமிழில் தருகிறேன். கட்டுரை ரப்பரின் வரலாறு. அதில் ஒரு பத்தி இப்படி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவற்றில் 3,000-க்கும் குறைவானவையே முளைத்தன. நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. ஆனால், தோட்ட முதலாளிகள் அவற்றில் அக்கறை காட்டவில்லை. மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காப்பியும் தேயிலையும் அதைவிட விரைவில் வருமானம் தந்தன. சிங்கப்பூரில் ரப்பர் பயிரிடச் சொல்லி வற்புறுத்திய ஹென்றி ரிட்லிக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டம்தான் கிடைத்தது. மோட்டார் வாகனங்கள் பெருகி டயருக்குத் தேவை கூடிய பிறகே நிலைமை மாறியது.”

தலைப்புகளில் மூன்று இந்தப் பத்திக்கு அருகில் வருகின்றன. ‘பிரேசிலிலிருந்து லண்டனுக்கு விதைகளின் பயணம்’, ‘தொடக்கத்தில் ஆதரவு கிடைக்காத பயிர்’, ‘மோட்டார் தொழிலின் வளர்ச்சி’.

சொல்லைத் தேடுகிறவர் முதல் தலைப்பை எடுத்துவிடுவார். பிரேசில், லண்டன், விதைகள் என மூன்று சொற்களும் பத்தியின் முதல் வாக்கியத்திலேயே இருக்கின்றன. ஆனால் எட்டு வாக்கியங்களில் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவது முதல் மூன்றுதான். ‘ஆனால்’ வந்ததும் பத்தி திசை திரும்புகிறது. அதற்குப் பின் வரும் அக்கறையின்மை, அதற்கான காரணம், ரிட்லி பட்ட கேலி, கடைசியில் வந்த மாற்றம் எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: பயிர் வந்தபோது அதை யாரும் விரும்பவில்லை. இரண்டாவது தலைப்புதான் விடை. அந்தத் தலைப்பில் உள்ள ‘ஆதரவு’ என்ற சொல் பத்தியில் எங்கேயும் இல்லை என்பதையும் கவனியுங்கள். மூன்றாவது தலைப்பு கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சரிபார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை: தலைப்பை வைத்துவிட்டு, அதற்குள் அடங்காமல் எத்தனை வாக்கியங்கள் வெளியே நிற்கின்றன என்று பாருங்கள். ‘விதைகளின் பயணம்’ என்று வைத்தால் ஐந்து வாக்கியங்கள் வெளியே நிற்கும். ‘ஆதரவு கிடைக்காத பயிர்’ என்று வைத்தால் முதல் மூன்று வாக்கியங்களும் அதற்கு முன்கதையாக உள்ளே வந்துவிடும்.

இனி, கண் எப்படிப் போக வேண்டும்? தலைப்புப் பட்டியலை முதலில் ஒரே ஒரு முறை, அரை நிமிடத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு தலைப்பிலும் பொருளைக் குறிக்கும் சொல் ஒன்றும் கருத்தைக் குறிக்கும் சொல் ஒன்றும் இருக்கும். ரப்பர் கட்டுரையில் ரப்பர், மரம், பயிர் போன்ற பொருட்சொற்கள் எல்லாத் தலைப்பிலும் திரும்ப வரும், அவற்றால் பயனில்லை. ‘காரணங்கள்’, ‘தோல்வி’, ‘தொடக்கத்தில்’, ‘தீர்வு’, ‘எதிர்பாராத’ போன்ற கருத்துச்சொற்கள்தான் ஒரு தலைப்பை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன. தாளில் என்றால் பென்சிலால் அவற்றை அடிக்கோடிடுங்கள். கணினியில் என்றால் ஹைலைட் செய்யும் வசதி இருக்கிறது. ‘காரணங்கள்’ என்று பன்மையில் இருந்தால் பத்தியில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருந்தாக வேண்டும். இந்த ஓர் எழுத்து வேறுபாட்டில் மதிப்பெண் போகிறது.

பிறகு பத்திக்குப் போங்கள். முதல் இரண்டு வாக்கியங்களை நிதானமாகப் படியுங்கள். நடுப்பகுதியில் கண்ணை வேகமாக ஓட்டி, ‘ஹவெவர்’, ‘பட்’, ‘யெட்’, ‘டிஸ்பைட்’ போன்ற திருப்பச் சொற்களில் மட்டும் நில்லுங்கள். அங்கே நின்று அந்த வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். கடைசி வாக்கியத்தையும் நிதானமாகப் படியுங்கள். பெயர்களையும் எண்களையும் எடுத்துக்காட்டுகளையும் இப்போதைக்குத் தாண்டிப் போகலாம். முதல் வாக்கியத்தை மட்டும் படித்தால் போதும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அகாடமிக் கட்டுரைகளில் ஆசிரியர்கள் மற்றவர்களின் கருத்தை முதலில் சொல்லி, இரண்டாவது அல்லது மூன்றாவது வாக்கியத்தில் அதை மறுப்பது வழக்கம்.

அடுத்த படியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். தலைப்புப் பட்டியலைப் பார்க்கும் முன், பத்திக்கு நீங்களே மூன்று நான்கு சொல்லில் ஒரு தலைப்பு வையுங்கள். ‘முதலில் யாரும் விரும்பவில்லை’ என்று ஓரத்தில் கிறுக்கினால் போதும். தமிழில் எழுதினாலும் சரிதான். அதன் பிறகு பட்டியலுக்குப் போனால் தேட வேண்டியது ஒரே ஒரு பொருள்தான். எழுபது ஒப்பீடுகள் ஏழு தேடல்களாகச் சுருங்கிவிடும். உங்களால் அப்படி ஒரு தலைப்பு வைக்க முடியவில்லை என்றால் பத்தி புரியவில்லை என்று பொருள். பட்டியலை எத்தனை முறை பார்த்தாலும் அதற்கு விடை வராது. அதை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள்.

வரிசையாகத்தான் போக வேண்டும் என்ற விதியும் இல்லை. சிறிய பத்தி, தெளிவான பத்தி எதுவோ அதை முதலில் முடித்தால் பட்டியல் குறையும். ஒரு தலைப்பை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும் என்பதால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒன்றைத் தவறாக வைத்தால் இன்னொரு பத்திக்கு உரியது பறிபோய்விடும். ஒரு தவறு இரண்டாகும். ஆகவே முழு நம்பிக்கை இல்லாத இடத்தில் இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் குறித்துவிட்டு நகருங்கள். பயன்படுத்திய தலைப்பை அடித்துவிடாமல் லேசாகக் கோடிடுங்கள். இரண்டு பத்திகள் ஒரே தலைப்புக்குப் போட்டிபோட்டால் முன்பு வைத்தது தவறாக இருக்கலாம் என்று அதற்குத் திரும்பிப் போங்கள்.

ஸ்கேனிங்குக்கு வேலை வருவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். இரண்டு தலைப்புகளுக்கு இடையே தடுமாறும்போது, அவை வேறுபடும் கருத்துச்சொல்லுக்கான சான்று பத்தியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ‘தோல்விக்கான காரணங்கள்’ என்றால் காரணம் சொல்லும் வாக்கியத்தை விரலால் சுட்டிக்காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தத் தலைப்பு இல்லை.

ஒரு கட்டுரைக்கு இருபது நிமிடம் என்றால், ஏழு பத்திகளுக்குத் தலைப்பு வைக்க எட்டு நிமிடம் ஒதுக்கலாம். பத்திக்கு ஒரு நிமிடம், சந்தேகம் தீர்க்க ஒரு நிமிடம். இந்தக் கேள்வியைக் கடைசியில் செய்யச் சொல்கிறவர்களும் உண்டு. நான் முதலில் செய்யவே சொல்வேன். எட்டு நிமிடம் முடியும்போது எந்தப் பத்தியில் எது இருக்கிறது என்ற வரைபடம் உங்கள் கையில் இருக்கும். அதற்குப் பிறகு ‘விதைகளில் எத்தனை முளைத்தன?’ என்று வேறொரு கேள்வி கேட்டால் கட்டுரை முழுவதையும் துழாவ வேண்டாம். நேராக அந்தப் பத்திக்குப் போய் எண்ணைத் தேடி எடுத்துவிடலாம்.

சொல்வளம் குறைவாக இருந்தால் இந்த முறை உதவாது. திருப்பச் சொல்லைக் கண்டுபிடித்தாலும் அதற்குப் பின்னுள்ள வாக்கியம் புரியவேண்டுமே. அதற்கு ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கம் நல்ல பயிற்சிக் களம். தினமும் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் நான்கு சொல்லில் தலைப்பு எழுதிப் பழகுங்கள். முதலில் கடிகாரம் வேண்டாம். தலைப்புகள் பத்தியை முழுதாகத் தாங்கத் தொடங்கிய பிறகு, பத்திக்கு ஒரு நிமிடம் என்று கடிகாரத்தை வையுங்கள்.

தேர்வு நாளில் எட்டு நிமிடம் தாண்டியும் ஒரு பத்தி பிடிகொடுக்கவில்லை என்றால், குறித்துவைத்த இரண்டில் ஒன்றை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடாதீர்கள்.