1.42 ± 0.06 என்றால் என்ன? ஒப்பீட்டுப் பொருளின் சான்றிதழை வாசிக்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிப் பேசினால் ஃபுளூரைடு பற்றிய பேச்சும் வந்துவிடும். பாறைகளில் உள்ள ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. அந்நீரைத் தொடர்ந்து குடிக்கும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. அளவு மிகுந்தால் காலப்போக்கில் எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. ஃபுளூரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை இருப்பதை அது ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஒரு கிணற்று நீரின் ஆய்வறிக்கையில் 1.45 என்று இருந்தால் அந்நீர் எல்லைக்குள் இருப்பதாகக் கொள்கிறோம். ஆனால் அந்த ஆய்வகத்தின் முறை எப்போதும் சற்றுக் குறைத்தே காட்டுகிறது என்றால் என்ன ஆகும்? எண் எல்லைக்குள் இருக்கும். குடிக்கும் நீர் எல்லையைத் தாண்டியிருக்கும். ஒரு முறை இப்படிக் குறைத்துக் காட்டுகிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வகங்களிடம் உள்ள கருவி, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள். ஆய்வகங்களில் இதைச் சுருக்கமாக சி.ஆர்.எம். என்பார்கள்.

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் வேலைக்குச் சேரும் நம் மாணவர்கள் இச்சொல்லை அங்கே கேட்பார்கள். அதற்கு வேண்டிய கணக்கு, பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகில் நாம் நடத்தும் பிழைகள் பகுதியைத் தாண்டியது அல்ல.

சான்றிதழில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒப்பீட்டுப் பொருள் என்பது, ஒரு குறிப்பிட்ட பண்பின் அளவு மிகக் கவனமாக அளக்கப்பட்டு, அந்த அளவும் அதன் நிச்சயமின்மையும் சான்றிதழில் எழுதித் தரப்பட்ட பொருள். இந்தியாவில் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ‘பாரதிய நிர்தேஷக் திரவ்யா’ என்ற பெயரில் இத்தகைய பொருள்களை வெளியிடுகிறது. இவற்றைத் தயாரிப்பவர்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 17034.

விளக்கத்துக்காக ஒரு சான்றிதழைக் கற்பனை செய்துகொள்வோம். பொருள்: நிலத்தடி நீர். சான்றளிக்கப்பட்ட மதிப்பு: ஃபுளூரைடு லிட்டருக்கு 1.42 ± 0.06 மில்லிகிராம். அதன் கீழே சிறிய எழுத்தில், ‘இது விரிவாக்கப்பட்ட நிச்சயமின்மை; விரிவாக்கக் காரணி k = 2; ஏறத்தாழ 95 விழுக்காடு நம்பிக்கை நிலை’ என்று இருக்கும். இன்னும் கீழே ‘தகவலுக்காக மட்டும்’ என்ற தலைப்பில் காரத்தன்மை, அலுமினியம் முதலியவற்றின் அளவுகள் ± இல்லாமல் தரப்பட்டிருக்கும். காலாவதி நாள், வைத்துக்கொள்ள வேண்டிய வெப்பநிலை, ஒரு சோதனைக்கு எடுக்க வேண்டிய மிகக் குறைந்த அளவு ஆகியவையும் இருக்கும்.

இவற்றுள் மூன்றை முதலில் பார்க்க வேண்டும். முதலாவது, ± குறி உள்ள மதிப்பு எது, இல்லாதது எது என்பது. நிச்சயமின்மை தரப்படாத ‘தகவல்’ மதிப்பைக் கொண்டு எந்த முறையையும் சரிபார்க்க முடியாது. இரண்டாவது, பொருள் எதில் கரைந்திருக்கிறது என்பது. தூய நீரில் ஃபுளூரைடு மட்டும் கரைந்த பொருளாக இருந்தால், அதைக் கொண்டு அளவுத்திருத்தக் கோடு சரியா என்பதைத்தான் சோதிக்க முடியும். கிணற்று நீரிலுள்ள பிற உப்புகள் அளவீட்டைக் கெடுக்கின்றனவா என்பது தெரியாது. அதை அறிய, நிலத்தடி நீரிலேயே செய்யப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் வேண்டும். மூன்றாவது k. பெரும்பாலும் கண்ணில் படாமல் போவது இதுதான்.

0.06 என்பதை அப்படியே போடலாமா?

சான்றிதழிலுள்ள 0.06, தயாரிப்பாளர் கணக்கிட்ட அடிப்படை நிச்சயமின்மையை இரண்டால் பெருக்கி எழுதப்பட்டது. அடிப்படை அளவைத் திட்ட நிச்சயமின்மை என்கிறோம். இது திட்ட விலக்கம் போன்றது. வேறொரு நிச்சயமின்மையோடு கூட்டும்போது திட்ட நிச்சயமின்மையைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆகவே முதல் வேலை, 0.06-ஐ k-ஆல் வகுப்பது: 0.06 ÷ 2 = 0.030.

இப்போது நம் கற்பனை ஆய்வகம் இந்தப் பொருளை அளக்கிறது. அங்கே ஸ்பாண்ட்ஸ் நிறமானி முறை நடைமுறையில் உள்ளது. இம்முறையில் சிர்க்கோனியமும் சாயமும் சேர்ந்த சிவப்புக் கூட்டுப்பொருளிலிருந்து ஃபுளூரைடு சிர்க்கோனியத்தைப் பிரித்து எடுத்துக்கொள்கிறது; நிறம் வெளுக்கிறது; வெளுத்த அளவை நிறமானி 570 நானோமீட்டரில் அளக்கிறது. ஆய்வாளர் நாளுக்கு ஓர் அளவீடாக, ஒவ்வொரு நாளும் புதிய அளவுத்திருத்தக் கோடு வரைந்து, ஆறு நாள்கள் அளக்கிறார்:

1.32, 1.36, 1.30, 1.34, 1.38, 1.34

சராசரி 1.34. திட்ட விலக்கம் 0.028. ஆறு அளவீடுகளின் சராசரி என்பதால் அதை √6-ஆல் வகுக்க வேண்டும்; கிடைப்பது 0.012. இது ஆய்வகத்தின் பக்கமுள்ள திட்ட நிச்சயமின்மை.

ஒரே நாளில், ஒரே கோட்டைக் கொண்டு ஆறு முறை அளந்திருந்தால் எண்கள் இன்னும் நெருக்கமாக வந்திருக்கும். ஆனால் அந்த நெருக்கம் பொய்யானது. நாளுக்கு நாள் ஏற்படும் மாறுதல் அதில் சேர்ந்திருக்காது. ஆறு நாள்களிலும் ஒரே தாய்க்கரைசலிலிருந்து கோடு வரைந்திருந்தால், அக்கரைசலின் நிச்சயமின்மையும் இந்தச் சிதறலில் தெரியாது. அதைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். இங்கே அது மிகச் சிறியது என்று கொள்வோம்.

இனி ஒப்பிடலாம். சராசரிக்கும் சான்றளிக்கப்பட்ட மதிப்புக்கும் உள்ள வேறுபாடு 1.42 − 1.34 = 0.08. இரு பக்கத்து நிச்சயமின்மைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம்:

√(0.030² + 0.012²) = 0.032

இதை இரண்டால் பெருக்கினால் 0.064. வேறுபாடு 0.064-க்குள் இருந்திருந்தால், அது நிச்சயமின்மைகளால் மட்டுமே வந்திருக்கலாம் என்று விட்டுவிடலாம். 0.08 அதைவிடப் பெரியது. ஆகவே முறை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, குறைத்துக் காட்டுகிறது.

0.06-ஐ வகுக்காமல் அப்படியே போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்ப்போம். √(0.06² + 0.012²) = 0.061, இரு மடங்கு 0.122. வேறுபாடான 0.08 இதற்குள் அடங்கிவிடும். அதே ஆறு எண்கள், அதே சான்றிதழ். ஆனால் ‘முறை சரி’ என்ற நேர்மாறான முடிவு. k-ஆல் வகுக்காத ஒரே காரணத்தால் பிழை மறைந்துவிடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சராசரி 1.36 முதல் 1.48 வரையில் விழுகிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. இதில் ஆய்வகத்தின் சொந்த நிச்சயமின்மை கணக்கிலேயே வரவில்லை. அளவீடுகள் அதிகம் சிதறும் ஆய்வகத்தில், சாய்வு இல்லாத முறையைக்கூட இந்த வழி தவறென்று தள்ளிவிடலாம்.

சாய்வு எங்கிருந்து வந்தது?

கணக்கு, சாய்வு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்லாது. அதற்கு வேதியியல் வேண்டும். இங்கே ‘தகவலுக்காக மட்டும்’ என்ற பகுதி உதவுகிறது. சரிபார்க்கப் பயன்படாத அந்த அலுமினிய மதிப்பு, எங்கே தேடுவது என்று காட்டுகிறது. அலுமினியம் ஃபுளூரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட ஃபுளூரைடு சிர்க்கோனியத்தைச் சென்றடையாது. நிறம் குறைவாக வெளுக்கும். அளவு குறைவாக வரும். மிகச் சிறிதளவு அலுமினியமே இதற்குப் போதும். ஃபுளூரைடை நீக்கப் படிகாரம் சேர்த்த நீரை ஆய்வு செய்யும்போது இதில் தனிக் கவனம் வேண்டும். படிகாரமே அலுமினிய உப்புதான்.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. வினைபொருளைச் சேர்த்தவுடன் ஒரு முறையும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளக்க வேண்டும். அலுமினியம் ஃபுளூரைடை மெல்ல விடுவிப்பதால், இரண்டாம் அளவு கூடியிருந்தால் அலுமினியம் இடையூறு செய்கிறது என்று அறியலாம். மாதிரியை முதலில் வாலைவடித்துவிட்டு அளப்பது ஒரு தீர்வு. அலுமினியத்தைத் தன்வசம் இழுத்துக்கொள்ளும் தாங்கல் கரைசலைச் சேர்த்து ஃபுளூரைடு மின்முனையால் அளப்பது இன்னொன்று.

நம் ஆய்வகம் மின்முனைக்கு மாறி மீண்டும் ஆறு நாள்கள் அளந்து, சராசரி 1.40, அதன் திட்ட நிச்சயமின்மை 0.015 என்று பெறுவதாகக் கொள்வோம். வேறுபாடு 0.02, எல்லை 0.067. இப்போது சாய்வு எதுவும் தென்படவில்லை.

‘தென்படவில்லை’ என்பதன் பொருள்

சாய்வு தென்படவில்லை என்றால் சாய்வே இல்லை என்று பொருளாகாது. 0.067-க்கும் குறைந்த சாய்வை இந்தச் சோதனையால் பிடிக்க முடியாது என்பதே பொருள். சான்றிதழில் ± 0.20 என்று இருந்திருந்தால், முதலில் கண்ட 0.08 சாய்வும் சோதனையில் சிக்காமல் தப்பியிருக்கும். எனவே வாங்கும் முன்பே, நாம் கண்டுபிடிக்க விரும்பும் சாய்வைவிடச் சான்றிதழின் நிச்சயமின்மை போதிய அளவு சிறியதா என்று பார்க்க வேண்டும். 1.42-இல் சரிபார்த்த முறை 5 மில்லிகிராமில் சரியாக இருக்கும் என்றும் கொள்ள முடியாது. அந்த அளவுக்கு வேறு பொருளைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

வகுப்பில் இந்த ஆறு எண்களையும் 1.42 ± 0.06, k = 2 என்பதையும் கரும்பலகையில் எழுதி, ஒரு குழுவை 0.06-ஐ வகுத்தும் மற்றொரு குழுவை வகுக்காமலும் கணக்கிடச் சொல்லலாம். இரு குழுக்களின் முடிவுகளும் மோதும்போது ஒரு கேள்வியை வைக்கலாம்: அதே ஸ்பாண்ட்ஸ் முறை, அதே போன்ற நீருள்ள ஒரு பள்ளியின் ஆழ்துளைக் கிணற்றுக்கு 1.45 என்று காட்டியது. குறைவாகக் காட்டிய 0.08-ஐச் சேர்த்தால் எவ்வளவு? விடை 1.53. அந்தக் கிணற்று நீரைக் குழந்தைகள் குடிக்கலாமா என்ற முடிவு, சான்றிதழில் சிறிய எழுத்தில் இருக்கும் k = 2 என்ற குறிப்பைப் படித்தோமா என்பதைப் பொறுத்து மாறுகிறது.