அளவைக் கேட்டு வாங்குங்கள்

கல்யாணத்துக்கு ஆன்லைனில் அனார்கலி எடுக்கும்போது, 'எம் சைஸ், 38' என்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்த 38 உடம்பின் சுற்றளவா, தைத்த துணியின் சுற்றளவா என்பது கடைக்குக் கடை மாறும். விற்பவருக்கு இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். எம் சைஸ் அனார்கலியைத் தரையில் சமமாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து போட்டோ அனுப்ப முடியுமா? மேல்கைச் சுற்றளவு, தோளிலிருந்து முழு உயரம், உள்தையலில் பிரிக்க விட்டிருக்கும் துணி எவ்வளவு என்பதும் வேண்டும்."

பதிலில் 19 அங்குலம் என்று வந்தால் சுற்றளவு 38. உங்கள் மார்பளவு 36 என்றால், மூச்சுவிட, கை தூக்க 2 அங்குலம் மிச்சம், போதும். 18 என்றால் பட்டுத்துணி இழுபடாது, பிடிக்கும். அப்போது பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்தையல் இருந்தால் டெய்லர் பிரித்துத் தருவார். ஆனால் ஜரிகை வேலை பக்கத் தையல்வரை ஓடியிருந்தால் பிரித்த இடம் தெரியும். அதையும் போட்டோவில் பாருங்கள். கை இறுக்கத்தைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள், சரிசெய்யக் கஷ்டமானதும் அதுவே. உயரம் கூடினால் கவலையில்லை, மடித்துத் தைக்கலாம்.