காலியா, நிறைந்ததா? வைவாவில் ஸ்டாக்கும் கியூவும்

பொறியியல் கல்லூரிகளில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் தேர்வு, புரோகிராம் ஓடி அவுட்புட் வந்ததோடு முடிந்துவிடுவதில்லை. எக்ஸ்டர்னல் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கொண்டே நாலைந்து கேள்விகள் கேட்பார். இந்த வைவாவில் தவறாமல் தலைகாட்டுபவை ஸ்டாக்கும் கியூவும். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் யாரும் திணறுவதில்லை. அந்தப் பதிலிலிருந்தே எடுத்துக் கேட்கப்படும் இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது.

“ஸ்டாக் என்றால் என்ன?” என்ற கேள்விக்குப் பலர் தட்டுகளை அடுக்கி வைப்பதைச் சொல்லத் தொடங்குவார்கள். உதாரணம் சரிதான், ஆனால் அது விடையின் வால், தலை அல்ல. முதலில் வர வேண்டியது இலக்கணம்: “ஒரே முனையில் மட்டும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற பட்டியல் ஸ்டாக். கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும்.” கியூவுக்கும் இதே அளவில் சொல்லலாம்: “ஒரு முனையில் சேர்த்து, மறுமுனையில் எடுப்பது கியூ. முதலில் வந்தது முதலில் போகும்.” இத்தனை போதும். மேலே பேசினால், பேசியதிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும்.

அடுத்து வருவது பெரும்பாலும் `top` பற்றியது. “தொடக்கத்தில் `top` ஏன் -1?” அரேயின் முதல் இடம் 0. புஷ் செய்யும்போது `top`-ஐ முதலில் ஒன்று கூட்டி, பிறகு அந்த இடத்தில் மதிப்பை வைக்கிறோம். முதல் மதிப்பு 0-வது இடத்தில் உட்கார வேண்டுமானால், அதற்கு முன் `top` -1 ஆக இருக்க வேண்டும். இதிலிருந்தே எல்லைகளும் வந்துவிடுகின்றன. `top == -1` என்றால் காலி. அப்போது பாப் செய்தால் அண்டர்ஃப்ளோ. `top == SIZE - 1` என்றால் நிறைந்துவிட்டது. அப்போது புஷ் செய்தால் ஓவர்ஃப்ளோ.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி உண்டு. “பாப் செய்தால் அந்த எண் அரேயிலிருந்து அழிந்துவிடுமா?” அழியாது. `top` ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். பழைய எண் நினைவகத்தில் அப்படியே கிடக்கும். அடுத்த புஷ் அதன் மேல் எழுதும். “அழிந்துவிடும்” என்று சொல்பவர் புரோகிராமை மனப்பாடம் செய்திருக்கிறார் என்பது எக்ஸ்டர்னலுக்குப் புரிந்துவிடும்.

ஸ்டாக்கின் பயன் என்ன என்று கேட்டால் நாலைந்து பெயர்களை அடுக்குவதைவிட, ஒன்றைச் செய்து காட்டுவது நல்லது. போஸ்ட்ஃபிக்ஸ் கணக்கு அதற்கு வசதியானது. `8 - 6 / 2` என்பது போஸ்ட்ஃபிக்ஸில் `8 6 2 / -` ஆகும். எண் வந்தால் புஷ். குறி வந்தால் இரண்டு முறை பாப் செய்து, கணக்குப் போட்டு, விடையைப் புஷ் செய்ய வேண்டும். 8, 6, 2 மூன்றும் உள்ளே போகின்றன. வகுத்தல் குறி வந்ததும் முதலில் 2, பிறகு 6 வெளியே வரும். முதலில் வந்தது வலப்பக்க எண், அடுத்து வந்தது இடப்பக்க எண். ஆகவே 6 / 2 = 3. அதை உள்ளே வைத்து, கழித்தல் குறிக்கு 8 - 3 = 5.

வரிசையை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? 2 / 6 என்பது முழு எண் வகுத்தலில் 0. பிறகு 0 - 8, அதாவது -8. கூட்டலையும் பெருக்கலையும் மட்டும் கொடுத்துச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது, ஏனென்றால் அவற்றில் எண்களை இடம் மாற்றினாலும் விடை மாறுவதில்லை. “எந்த உள்ளீட்டை வைத்துச் சோதித்தீர்கள்?” என்ற கேள்விக்கு, கழித்தலும் வகுத்தலும் உள்ள ஒன்றைச் சொல்பவரின் விடை தனியே தெரியும்.

கியூவில் அதிகம் பேர் தடுக்கி விழுவது சர்க்குலர் கியூவில். “அது எதற்கு?” என்பது தொடக்கம். ஐந்து இடங்கள் உள்ள சாதாரண அரே கியூவில் ஐந்து எண்களைச் சேர்த்து, இரண்டை எடுத்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். முன்னால் இரண்டு இடம் காலி. ஆனால் `rear` கடைசி இடத்தில் நிற்பதால், புரோகிராம் “நிறைந்துவிட்டது” என்கிறது. அந்தக் காலி இடங்களை மீண்டும் பயன்படுத்தத்தான் `rear` கடைசிக்குப் பிறகு 0-வது இடத்துக்குத் திரும்புகிறது. அதைச் செய்வது மீதி காணும் `%` குறி.

அடுத்த கேள்விதான் உண்மையான சோதனை: “காலியா, நிறைந்ததா என்று எப்படித் தெரியும்?” `front`, `rear` இரண்டும் 0-வில் தொடங்குகின்றன; `rear` அடுத்து நிரப்ப வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. காலியாக இருந்தால் இரண்டும் சமம். ஐந்து இடங்களையும் நிரப்பினால் `rear` சுற்றி வந்து மறுபடி `front`-ஐத் தொடும்; அப்போதும் சமம். இரண்டு நிலைக்கும் அடையாளம் ஒன்றாகிவிடுகிறது. இதற்கு வழக்கமான வழி, ஓர் இடத்தை எப்போதும் காலியாக விடுவது:

```
காலி    : front == rear
நிறைவு : (rear + 1) % SIZE == front
```

`SIZE` 5 என்றால் 10, 20, 30, 40 உள்ளே போனதும் `rear` 4-இல் நிற்கும். (4 + 1) % 5 = 0, அது `front`; கியூ நிறைந்துவிட்டது. இரண்டை எடுத்தால் `front` 2 ஆகும். பிறகு 50-ஐ 4-வது இடத்திலும், 60-ஐ 0-வது இடத்திலும் வைக்கலாம். `rear` இப்போது 1. (1 + 1) % 5 = 2, மறுபடி நிறைவு. உள்ளே இருப்பவை 30, 40, 50, 60. “ஐந்து இடத்தில் நான்குதானே வைக்கிறீர்கள்?” என்று கேட்டால் மழுப்ப வேண்டியதில்லை. “ஆம், ஓர் இடம் வீண். அது வேண்டாமென்றால் `count` என்று தனி எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாம்” என்பதே முழு விடை.

நேரம் மிச்சமிருந்தால் வரும் கேள்வி: “இரண்டு ஸ்டாக்கை வைத்துக் கியூ அமைக்க முடியுமா?” முடியும். ஒன்று உள்ளே வருவதற்கு, மற்றது வெளியே போவதற்கு. 1, 2, 3 முதல் ஸ்டாக்கில் இருக்கின்றன. எடுக்கச் சொன்னால் மூன்றையும் பாப் செய்து இரண்டாவதில் புஷ் செய்கிறோம். வரிசை தலைகீழாகி 1 மேலே வருகிறது, அதை எடுக்கிறோம். ஒவ்வொரு எண்ணும் மொத்தத்தில் இரண்டு புஷ், இரண்டு பாப்தான் காண்கிறது. ஆகவே ஏதாவது ஒரு முறை எடுப்பது மெதுவாக இருந்தாலும், சராசரியில் ஒவ்வொரு செயலுக்கும் ஆகும் நேரம் மாறாத அளவிலேயே நிற்கிறது.

இங்கே எக்ஸ்டர்னல் காத்திருப்பது ஒரே ஒரு நிபந்தனைக்காக: இரண்டாவது ஸ்டாக் காலியானால் மட்டுமே மாற்ற வேண்டும். 2, 3 இன்னும் அங்கே இருக்கும்போது, புதிதாக வந்த 4-ஐயும் அதன் மேல் தள்ளிவிட்டால் அடுத்து வெளியே வருவது 2 அல்ல, 4.