கெடுவுக்கு முந்தைய நாள் வரும் மின்னஞ்சல்

"நீங்கள் ஆன்லைன் தேர்வை இன்னும் முடிக்கவில்லை. லிங்க் நாளை இரவு 11.59 மணி வரை மட்டுமே செயல்படும்." ஐ.டி. வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இந்த மின்னஞ்சல் பழக்கமானது. வந்ததும் சிலர் பதறுகிறார்கள். சிலர் விளம்பரமாக இருக்கும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நிதானமாகப் படித்தால், தன் விண்ணப்பம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆள் எடுக்கும் ஹெச்.ஆர். பிரிவினரின் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு நிலை காட்டப்படும். தேர்வைத் தொடங்காதவர், பாதியில் நிறுத்தியவர், முடித்துச் சமர்ப்பித்தவர் என்று அது பிரிந்திருக்கும். முதல் இரண்டு வகையினருக்கும் கணினியே நினைவூட்டலை அனுப்பிவிடும். பெரும்பாலும் இதற்குப் பதில் எழுத முடியாத noreply முகவரியிலிருந்துதான் வரும். அதன்பின் ஹெச்.ஆர். அலுவலரே தன் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்டுத் தனியாக எழுதினால், அந்த விண்ணப்பத்தின் மீது ஒருவர் கண் வைத்திருக்கிறார் என்று பொருள். அதற்குக் கட்டாயம் பதில் போட வேண்டும்.

ஒரு கல்லூரி மாணவியை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை அவருக்கு லிங்க் வருகிறது. வியாழன் இரவு 11.59 வரை கெடு. தேர்வு நேரம் 90 நிமிடம். புதன் மாலை நினைவூட்டல் வருகிறது. வியாழன் இரவு 11 மணிக்கு உட்கார்ந்தால் போதும் என்று அவர் கணக்குப் போடுகிறார். சிக்கல் இங்கேதான். இதில் ஓடுவது இரண்டு கடிகாரங்கள். ஒன்று லிங்க் திறந்திருக்கும் காலம், மற்றொன்று தொடங்கிய நொடியிலிருந்து ஓடும் 90 நிமிடம். கெடுவுக்குள் தொடங்கிவிட்டால் முழு நேரத்தையும் தரும் தளங்கள் உண்டு. கெடு வந்ததும் பாதியிலேயே மூடிவிடும் தளங்களும் உண்டு. இரண்டாவது வகையாக இருந்தால் அவருக்குக் கிடைப்பது 59 நிமிடம்தான். எது எப்படி என்று தெரியாதபோது, 10.29க்கு முன் தொடங்கியாக வேண்டும். கேமராவுக்கு அனுமதி கொடுப்பது, அடையாள அட்டையைக் காட்டுவது போன்ற சோதனைகளுக்கு இன்னும் அரை மணி நேரம் வைத்துக்கொண்டால், இரவு 9.59தான் கடைசி எல்லை. அந்த நேரத்தில் இணையம் போனால் உதவிக்கு யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் பகலிலேயே எழுதிவிடுவதுதான் சரி.

வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் நேரத்தோடு சேர்த்து எந்த நாட்டு நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். மாலை 5 மணி UTC என்றால் நமக்கு இரவு 10.30. "15ஆம் தேதி 12 AM" என்று இருந்தால், 14ஆம் தேதி இரவோடு கதவு மூடிவிடும். 15ஆம் தேதி இரவு என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

எல்லாம் முடித்த பிறகும் நினைவூட்டல் வந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் கடைசிப் பக்கம் வரை நிரப்பி, Submit பொத்தானை அழுத்தாமல் விட்டிருக்கலாம். அப்போது அது வரைவாகவே சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு மின்னஞ்சலில் விண்ணப்பித்துவிட்டு இன்னொன்றில் நுழைந்து தேர்வு எழுதியிருந்தாலும் ஹெச்.ஆர். பட்டியலில் "முடிக்கவில்லை" என்றே தெரியும். "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்ற உறுதி மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று ஸ்பேம் பெட்டியிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த வியாழக்கிழமை மாணவிக்குச் செமஸ்டர் தேர்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதன் மாலையே அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "வணக்கம் மேடம். உங்கள் நினைவூட்டல் கிடைத்தது. வியாழக்கிழமை எனக்குச் செமஸ்டர் தேர்வு இருக்கிறது. சனிக்கிழமை மாலை வரை அவகாசம் கிடைத்தால் கண்டிப்பாக முடித்துவிடுவேன். என் விண்ணப்ப எண்ணைக் கீழே தந்திருக்கிறேன்." காரணம் ஒன்று, கேட்கும் நாள் ஒன்று, விண்ணப்ப எண். வீட்டுக் கஷ்டங்களை விவரிக்கத் தேவையில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, திரையில் வந்த பிழைச் செய்தியைப் படமெடுத்து உடனே அனுப்ப வேண்டும். தேர்வு பதிவேட்டில் தொடர்பு அறுந்த நேரம் இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டு மறுவாய்ப்பு தர அவர்களால் முடியும். கெடுவுக்கு முன் கேட்டால் தேதியை நீட்டிப்பது அவர்களுக்குச் சிறிய வேலை. மூடிய பிறகு கேட்டால், அதற்குள் அடுத்த சுற்றுப் பட்டியல் தயாராகியிருக்கலாம்.

இந்த அவசரத்தை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். பதிவுக் கட்டணம் கேட்டாலோ, செயலியைத் தரவிறக்கச் சொன்னாலோ, அனுப்பியவர் முகவரி நிறுவனத்தின் பெயரை லேசாகத் திரித்த மாதிரி இருந்தாலோ லிங்கைத் தொடக் கூடாது. ஆனால் தேர்வு நடத்தும் வேலையை வேறு நிறுவனத்திடம் ஒப்படைப்பதும் வழக்கம். ஆகவே முகவரி மாறியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்துக்கு நேராகப் போய், தன் கணக்கில் நுழைந்தால் அதே தேர்வு நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அங்கே தெரியாவிட்டால், நிறுவனத்தின் தளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேட்கலாம்.