விந்து வெளிப்படத் தாமதமா? மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்!

விந்து விரைவில் வெளிப்பட்டுவிடும் குறையைப் பற்றி நீங்கள் எவ்வளவோ படித்திருப்பீர்கள். அதற்கு நேர்மாறான குறையும் உண்டு. அரை மணி நேரம் கடந்தும் விந்து வெளிப்படாது. சிலருக்கு வெளிப்படுவதே இல்லை. விறைப்பும் ஆசையும் பெரும்பாலும் குறைவின்றி இருப்பதால், இதை ஆண்மையின் வலிமை என்றே கணவர் எண்ணிக்கொள்வதுண்டு. மனைவியோ வலியைப் பொறுத்துக்கொண்டு, 'என்மேல் விருப்பமில்லை போலும்' எனப் புழுங்குகிறார். கரு தரிக்காவிட்டால் பழியும் அவர் தலையிலேயே விழுகிறது.

ஓசூர் சிப்காட்டில் இரவுப் பணியும் பகல் பணியுமாக மாறிமாறி உழைக்கும் 30 வயதுச் சகோதரர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். உறக்கம் கெட்டுப் பதற்றம் மிகுந்ததால், மனநல மருத்துவர் எழுதித் தந்த செர்ட்ராலின் மாத்திரையை 8 மாதங்களாக உட்கொள்கிறார். பதற்றம் தணிந்தது. ஆனால் இரண்டாம் மாதத்திலிருந்து விந்து வெளிப்படுவது தாமதமாகி, பின்னர் நின்றேவிட்டது. இரண்டையும் அவர் இணைத்துப் பார்க்கவில்லை. மனைவிக்கோ ஸ்கேன் மேல் ஸ்கேன்!

இவ்வகை மாத்திரைகள் மூளையில் செரோட்டோனின் என்னும் பொருளின் செயலைக் கூட்டுகின்றன. மனத்தை அமைதிப்படுத்தும் அதுவே விந்து வெளிப்படுவதையும் தடுத்து நிறுத்துகிறது. பாராக்செட்டினில் இவ்விளைவு மிகுதி. விந்து முந்துவோருக்கு இதே மாத்திரைகளை மருத்துவர்கள் தருவதும் இதனால்தான்.

மாத்திரைதான் காரணமா என்பதை எவ்வாறு அறிவது? அதைத் தொடங்குமுன் எல்லாம் இயல்பாக இருந்ததா என்று முதலில் கேளுங்கள். உறக்கத்திலோ தனிமையிலோ எளிதில் வெளிப்பட்டு, மனைவியுடன் மட்டும் தடைப்பட்டால் மன அழுத்தமோ, இறுகப் பிடித்துச் செய்த கைப்பழக்கமோ காரணமாகலாம். எந்நிலையிலும் தாமதமென்றால் மருந்து, மது, நீரிழிவால் பழுதுற்ற நரம்பு ஆகியவற்றை ஐயுற வேண்டும். நீரிழிவுக்காரர் சிலருக்கு உச்சநிலை வரும். விந்து மட்டும் வெளியே வராது. அது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்றிருக்கலாம். உறவுக்குப் பின் கழிக்கும் சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. தலைச்சுற்றலும் உறக்கமின்மையும் தோன்றும். பழைய நோயும் திரும்பலாம். எழுதித் தந்த மருத்துவரிடமே சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது இத்தொல்லை குறைவான புப்ரோபியான், மிர்டசபின் போன்றவற்றுக்கு மாற்றுவார். பலருக்குச் சில வாரங்களில் சீராகும், சிலருக்கு நாட்படும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே இருப்பது இப்பகுதியினருக்கு வசதி.

கைப்பழக்கம் காரணமாயின் அதைச் சில வாரங்கள் அறவே விடுக. இரவுப் பணி முடிந்த களைப்பில் கூடாமல், உறங்கி எழுந்தபின் அவசரமின்றிக் கூடுக. மனைவிக்கு வலித்தால் நிறுத்திவிடுக. விளம்பரங்களில் வரும் லேகியங்களை நாட வேண்டாம். விறைப்பைக் கூட்டும் மருந்து விந்தை வெளிக்கொணராது. 'நீண்ட நேரம்' தருவதாக விற்கும் தெளிப்பான்களோ உறுப்பை மரத்துப்போகச் செய்து தாமதத்தை மேலும் கூட்டும்.

மருத்துவரிடம் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் சீட்டுகளும், ஒவ்வொன்றையும் தொடங்கிய நாளும் கையில் இருக்கட்டும்.