ரெண்டரில் விளக்கு ஏன் பொய்யாகத் தெரிகிறது?

இன்னும் கட்டி முடியாத வீட்டின் ஹாலைக் கணினியில் வரைந்து காட்டும் ரெண்டர் படங்களில் சோஃபாவும் தரையும் அச்சு அசலாக இருக்கும். வெளிச்சம் மட்டும் ஒட்டாது. மென்பொருளில் சாதாரணமாகக் கிடைக்கும் புள்ளி விளக்கு எல்லாத் திசையிலும் ஒரே அளவு ஒளி வீசுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். கூரையில் பதிக்கும் டவுன்லைட் அப்படி வீசுவதில்லை.

எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி போகிறது என்பதை ஆய்வகத்தில் அளந்து, விளக்குத் தயாரிப்பாளர்கள் `.ies` கோப்பாகத் தருகிறார்கள். இந்த வடிவத்தை வட அமெரிக்க ஒளியூட்டல் பொறியியல் சங்கம் 1986இல் வகுத்தது. அது வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறக்கும். மாதிரிக்கு ஒரு டவுன்லைட்டின் இரண்டு வரிகள்:

```
0 15 30 45 90
1600 1100 300 40 0
```

மேல் வரியில் இருப்பவை கோணங்கள். 0 என்றால் நேர் கீழே. கீழ் வரியில் இருப்பது அந்தந்தத் திசையில் ஒளியின் செறிவு, கேண்டெலா கணக்கில். விளக்குக்கு 2 மீட்டர் கீழே சாப்பாட்டு மேசை இருக்கிறது என்று வையுங்கள். தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 1600 ÷ 4 = 400 லக்ஸ். 30 டிகிரி தள்ளி, அதாவது சுமார் 1.15 மீட்டர் பக்கவாட்டில், அதே மேசை உயரத்தில் 50 லக்ஸ்கூட இல்லை. மேசை பளிச்சென்று தெரிந்து, நாற்காலிக்குப் பின்னால் மங்குவது இதனால்தான். அதே விளக்கைச் சுவரோரம் வைத்தால் சுவரில் வளைந்த ஒளிவிளிம்பு தானாக விழும். கையால் வரைய வேண்டியதில்லை.

இவ்வளவு சரியாகச் செய்த பிறகும் படம் இருட்டாக வரலாம். பலர் உடனே விளக்கின் அளவை நூறு மடங்கு ஏற்றிவிடுகிறார்கள். கோளாறு கேமராவில் இருக்கிறது. ஐஎஸ்ஓ 100இல் f/8, 1/200 நொடி என்பது பகல் வெளிச்சத்துக்கான அமைப்பு. 400 லக்ஸ் அறைக்கு f/4, 1/8 நொடி பொருந்தும்; அது சரியாக 100 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. கேமராவைத் தொடாமல் விளக்கை ஏற்றினால், ஜன்னல் வழியே வரும் வெயிலுக்கும் விளக்குக்கும் உள்ள விகிதம் கெட்டு, நண்பகலில் டவுன்லைட் சூரியனோடு போட்டி போடும்.

அறையின் அளவையும் சரிபாருங்கள். சென்டிமீட்டரில் வரைந்ததை மென்பொருள் மீட்டராக எடுத்துக்கொண்டால் தூரம் 100 மடங்காகி, வெளிச்சம் 10,000 மடங்கு குறையும். ஒளிமூலத்தை விளக்கின் கூட்டுக்குள் வைக்காதீர்கள், சற்றுக் கீழே வையுங்கள். கூட்டின் விளைவு அளவீட்டிலேயே அடங்கிவிட்டது. உள்ளே வைத்தால் ஒளி இரண்டாம் முறை மறைபடும்.

கோப்புக்கு ஓர் எல்லை உண்டு. விளக்கு முழுவதையும் அது ஒரு புள்ளியாகவே கருதுகிறது. நீளமான டியூப்லைட்டைச் சுவரை ஒட்டி மாட்டிய காட்சிக்கு அது உதவாது. அங்கே பரப்பு விளக்கே மேல்.

வாங்கப்போகும் விளக்கின் மாடல் எண்ணைக் கேட்டு, அதே எண்ணுக்கான கோப்பையே தேடி எடுங்கள். வேறு விளக்கின் கோப்பைப் போட்டால் படம் அழகாக வரலாம். ஆனால் வீட்டுக்காரருக்குக் கிடைக்கப்போகும் வெளிச்சம் அதுவல்ல.