படிக்கட்டும் வளைகோடும்

பத்து மின்விளக்குகள் அணைந்த நாட்கள் 20, 24, 29, 33, 38, 41, 46, 52, 56, 61 எனக் கொள்வோம். சராசரி 40. இதே சராசரியுடைய அடுக்குக்குறிப் பரவல் இவற்றுக்குப் பொருந்துமா? பழைய விளக்கும் புதிய விளக்கும் ஒரே வாய்ப்புடன் அணையும் என்பதே அப்பரவலின் கருத்து.

நாட்களைக் கிடையாகவும், அதுவரை அணைந்தவற்றின் பங்கைச் செங்குத்தாகவும் குறித்தால், ஒவ்வொரு விளக்கு அணையும்போதும் 0.1 உயரும் படிக்கட்டு அமைகிறது. அதன்மேல் பரவலின் வளைகோட்டை வரைந்து, இரண்டுக்கும் இடையேயுள்ள மிகப் பெரிய செங்குத்து இடைவெளியை அளத்தல் வேண்டும். இவ்வளவையை 1933-இல் ஆராய்ந்தவர் கொல்மகோரவ்.

படியின் உச்சியை மட்டும் நோக்குவோர் ஏமாறுவர். இருபதாம் நாளில் வளைகோட்டின் உயரம் 0.393, படியின் உச்சி 0.1, இடைவெளி 0.293. ஆனால் அப்படி எழுவதற்குச் சற்று முன் படிக்கட்டின் உயரம் சுழியே. ஆகவே அடியில் இடைவெளி 0.393, அதுவே மிகப் பெரியது.

பத்து அளவுகளுக்கு, நூற்றுக்கு ஐந்து பிழைக்கு இடந்தரும் வழக்கமான அட்டவணையின் எல்லை 0.409. பொருத்தம் தேறிவிட்டதா? இல்லை. வளைகோடு முன்னரே உறுதி செய்யப்பட்டது என்பது அவ்வட்டவணையின் எடுகோள். நாமோ சராசரியை இவ்வளவுகளிலிருந்தே எடுத்தோம். எனவே வளைகோடு படிக்கட்டை ஒட்டியே அமைந்துவிடுகிறது. இந்நிலைக்கென 1969-இல் லில்லிஃபோர்ஸ் அளித்த எல்லை ஏறத்தாழ 0.325. பொருத்தம் தவறிற்று. முதல் இருபது நாட்களுக்குள் ஐந்தில் இரண்டு பங்கு அணைந்திருக்கும் என்கிறது வளைகோடு. அதுவரை ஒரு விளக்கும் அணையவில்லை.